குறுக்கே ஒரு கல்லும் இல்லை

என் போனில் சாமி படம், குழந்தை படம் எல்லாவற்றையும்விட அதிகமாக இருப்பவை சுவர்ப் படங்கள். சிவில் டிப்ளமோ முடித்துவிட்டுக் கண்ணமங்கலத்தில் வீட்டுக்கு பிளான் போட்டுக் கொடுக்கும் ஒரு சின்ன ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று எல்லோரும் எனக்குச் சுவரைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். "இத்த பாத்து சொல்லும்மா, நல்லா கீதா?" என்று கீழே ஒரு வரி. பாதிப் படங்களில் சுவர் பூசி, பெயின்ட் அடித்து, மேலே காலண்டரும் மாட்டியிருக்கும். "உள்ள இன்னா கீதுன்னு பாக்கறதுக்கு நான் இன்னா ஸ்கேன் மிஷினா?" என்று திருப்பிக் கேட்பேன். என் வாய்க்குப் பயந்து அனுப்புவதை நிறுத்தியவர்களும் உண்டு.

பூசாத சுவர் என்றால் விஷயம் வேறு. படத்தைப் பெரிதாக்கி இரண்டு நிமிடம் பார்த்தால் போதும், அதைக் கட்டியவர் எப்படிப்பட்டவர் என்றுகூடச் சொல்லிவிடுவேன். செங்கல்லின் நீளப் பக்கம் நம்மைப் பார்த்து இருந்தால் அது ஸ்ட்ரெச்சர். தலைப் பக்கம் தெரிந்தால், அதாவது கல் சுவருக்குக் குறுக்கே உள்ளே போயிருந்தால், அது ஹெட்டர். ஒரு வரி முழுக்க நீளம், அடுத்த வரி முழுக்கத் தலை என்று மாறி மாறி வந்தால் இங்கிலீஷ் பாண்ட். ஒரே வரிக்குள் ஒரு நீளம், ஒரு தலை என்று வந்தால் ஃப்ளெமிஷ். எல்லா வரியிலும் நீளப் பக்கம்தான் தெரிகிறது, தலையே இல்லை என்றால் அது பெரும்பாலும் நாலரை இஞ்ச் சுவர். மறைப்புக்கு ஆகும், பாரம் தாங்க அவ்வளவாக ஆகாது; அதற்குத் தலை வைத்துக் கட்டிய ஒன்பது இஞ்ச் வேண்டும். வரியே இல்லாமல் பெரிதும் சிறிதுமாக உடைத்த கல்லைப் பொருத்தியிருந்தால் ரப்பிள், எங்கள் மலையில் சொல்வது கருங்கல் கட்டு. அதிலும் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. சுவரின் இந்த முகத்திலிருந்து அந்த முகம் வரைக்கும் போகிற நீளக் கல் ஆங்காங்கே வேண்டும். செங்கல்லோ கருங்கல்லோ, குறுக்கே போகிற கல்தான் சுவரைச் சுவராக வைத்திருக்கிறது. அது இல்லையென்றால் இரண்டு சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன, அவ்வளவுதான்.

இதையெல்லாம் நான் வேலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது, மலை மேல் ஜமுனாமரத்தூருக்கு அப்பால் எங்கள் வீட்டில் எனக்கென்று ஒரு அறை கட்டினார்கள். பழைய வீடு ஒரே கூடம். அப்பா, அண்ணன், வந்த புதிதில் அண்ணி, மூலையில் சாமை மூட்டைகள். லீவில் வந்தால் நான் உட்கார்ந்து படம் வரைய இடமில்லை என்று அப்பா கூடத்துக்குப் பின்னால் ஒரு அறையை இழுத்தார். செமஸ்டர் லீவில் நான் வந்தபோது அறை முடிந்திருந்தது. வெளியே கருங்கல், உள்ளே சிமென்ட் பூச்சு, மேலே தகர ஷீட், ஒரு மரச் சன்னல். சன்னல் திட்டில் என் டிராயிங் போர்டை வைக்கலாம், சுவர் அவ்வளவு தடிமன். முழுச் சுவரும் கருங்கல் கட்டு என்றுதான் நினைத்திருந்தேன். வேறு மாதிரி நினைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

அந்த அறையில்தான் இப்போது அப்பா படுத்திருந்தார். புளி உலுக்கப் போனவர் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து, வேலூரில் பிளேட் வைத்து அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் நடப்பார் என்றார்கள். நடக்கவில்லை. கட்டிலைச் சன்னல் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். படுத்தபடியே அவர் தன் நிலத்தையும் புளியமரத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார். தன்னைத் தள்ளிய மரத்தை எப்படித்தான் அப்படி ஆசையாகப் பார்க்கிறாரோ என்று அண்ணி கேலி செய்வார்.

அந்தக் கார்த்திகையில் மழை விடவே இல்லை. மலைப்பாதையில் பாறை சரிந்து பஸ் நின்றுபோனது. போளூரிலிருந்து மேலே போகிற எந்த வண்டியையும் விடவில்லை. நான் கண்ணமங்கலத்தில் வாடகை அறையில் இருந்தேன். வெளியே தண்ணீர் தேங்கியிருந்தாலும் ஆபீஸ் திறந்திருந்தது. காலை பத்து மணிபோல அண்ணியிடமிருந்து ஒரு படம் வந்தது. எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. நிலத்து ஓரம் இருக்கிற பாறை மேல் ஏறி நின்றால்தான் கிடைக்கும். ஆகவே அண்ணி வீட்டில் படம் எடுத்து, மழையில் பாறைக்கு நடந்து வந்து அனுப்பியிருந்தார்.

படத்தில் அப்பாவின் கட்டில் கால் ஒன்று, அதற்கு மேலே சுவர். பூச்சு ஒரு முறம் அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்திருந்தது. கீழே "மாமா மேல கொஞ்சம் வியுந்துச்சி. ஒண்ணும் ஆவுல. இங்கயே படுக்கலாமான்னு உங்க அண்ணன் கேக்க சொன்னாரு" என்று இருந்தது.

நான் அப்பாவுக்கு அடிபட்டதா என்று கேட்பதற்கு முன்பே படத்தைப் பெரிதாக்கிவிட்டேன். கை அப்படிப் பழகிவிட்டது. பூச்சு போன இடத்தில் கருங்கல் இல்லை. செங்கல் இருந்தது.

ஐந்து வரி தெரிந்தது. ஐந்திலும் நீளப் பக்கம். இணைப்புகள் ஒன்றுவிட்டு ஒன்று ஒழுங்காக விலகித்தான் இருந்தன, கட்டிய கை ஒன்றும் மோசமில்லை. ஆனால் ஒரு கல்கூடத் தலையைக் காட்டவில்லை. வெளியே கருங்கல், உள்ளே செங்கல். அப்படிக் கட்டுவதில் தப்பில்லை. உள்ளே இருக்கிற செங்கல்லில் நடுநடுவே குறுக்குக் கற்கள் போய்க் கருங்கல்லுக்குள் பல் பதிக்க வேண்டும். பல் இல்லையென்றால், மழை நீர் இரண்டுக்கும் நடுவில் இறங்கி மண் சாந்தைக் கரைத்து, கருங்கல்லை வெளியே தள்ளும், இல்லை செங்கல்லை உள்ளே தள்ளும். உள்ளே என்றால் கட்டில் மேல்.

படத்தை சாரிடம் காட்டினேன். எங்கள் ஆபீஸ் நடத்துகிற இன்ஜினியர், நல்ல மனிதர், நிதானமானவர். அன்றைக்கு அந்த நிதானத்தைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. கண்ணாடியை மேலே தூக்கிக்கொண்டு பார்த்தார்.

"அஞ்சு வரிதானேம்மா தெரியுது?"

"ஆமா சார்."

"அஞ்சு வரி ஸ்ட்ரெச்சர் போட்டுட்டு ஆறாவது வரி ஹெட்டர் போட்டு கட்றவங்களும் இருக்காங்க. தோட்டத்து மதில்ல பாத்துக்கீற இல்ல? இதுக்கு மேல ஒரு வரி, கீழ ஒரு வரி தெரிஞ்சாதான் சொல்ல முடியும்."

அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. பாடத்தில் நானும் படித்ததுதான். ஆறாவது வரியில் தலை தெரிந்தால் அப்பா இருக்கிற இடத்திலேயே இருக்கலாம். அந்த ஒரு வரி பூச்சுக்குப் பின்னால் இருந்தது. பார்க்க வேண்டுமென்றால் பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும். சுவர் நான் பயப்படுகிற மாதிரி இருந்தால், கொத்துகிற கொத்தே அதைத் தள்ளிவிடும். பார்க்காமல் சொல்ல முடியாது, பார்க்கப் போனால் விழுந்துவிடும். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் நடுவில் நின்றேன். அப்படி ஒரு கையாலாகாத்தனம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை.

அண்ணியைக் கூப்பிட்டேன். நல்லவேளையாகப் பாறை மேலேதான் இருந்தார்.

"அண்ணி, சுத்தி உளி எதுவும் எடுக்கக் கூடாதுன்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க. தட்டவே கூடாது. கையால இழுத்தா வர்ற பூச்ச மட்டும் எடுக்கட்டும். மொதல்ல அப்பாவ அங்கருந்து நவுத்துங்க."

"எங்க நவுத்தறது? கூடத்துல ஒழுவுது. அடுப்பு பக்கம் மட்டும்தான் காஞ்சி கீது, அங்க கட்டிலு நொழையாது."

"பக்கத்து வூட்டுக்கு?"

மழை இரைச்சலுக்கு மேல் அண்ணி குரலை உயர்த்தினார். "மாமா வரமாட்டாரும்மா. உனுக்கே தெரியும்" என்றார்.

எனக்குத் தெரியும். எழுந்து உட்கார முடியாத மனிதர். மலஜலத்துக்குத் தட்டு வைத்து எடுக்க வேண்டும். வீட்டில் அண்ணன் செய்கிறான், அதற்கே அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் அவர் அதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார். சுவர் விழுவதைவிட அது அவருக்குப் பெரிது. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, எதை முதலில் என்று தெரியாமல் அண்ணியிடம் கத்தினேன். அண்ணி பாவம், மழையில் நனைந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி, இன்னும் ரெண்டு படம் வேணும்" என்றேன். "சன்னலு ஓரத்துல, கல்லும் மரமும் சேர்ற எடத்துல, பூச்சு வெடிச்சிருந்தா அத்த கையால எடுத்துட்டு ஒரு படம். வெளிய போயி, சுவத்தோட கன்னத்த ஒட்டி நின்னு, நீளவாக்குல ஒரு படம். நேரா நின்னு எடுத்தா ஒண்ணும் தெரியாது."

சன்னல் ஓரத்தைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. சுவர் முகத்தில் ஐந்து வரிதான் தெரியும், ஆனால் சன்னல் ஓரம் என்பது சுவரை மேலிருந்து கீழே வெட்டிப் பார்த்த மாதிரி. அங்கே எல்லா வரியும் தெரியும். அதோடு, எவ்வளவு சோம்பேறிக் கொத்தனாரும் சன்னல், கதவு ஓரத்தில் குறுக்குக் கல் வைப்பார். வேறு எங்கே இல்லாவிட்டாலும் அங்கே இருக்கும். அங்கேயும் இல்லையென்றால் எங்கேயும் இல்லை.

அண்ணி வீட்டுக்குப் போய், அண்ணனிடம் சொல்லி, படம் எடுத்து, மறுபடி பாறைக்கு வரும்வரை நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் தன் மாடிக் கைப்பிடிச் சுவருக்கு ஃப்ளெமிஷ் பாண்ட் மாதிரி டிசைன் வேண்டும் என்று வந்து உட்கார்ந்திருந்தார். பூசி முடித்துவிட்டு மேலே செங்கல் மாதிரி கோடு கிழித்து பெயின்ட் அடித்தால் போதுமா என்று கேட்டார். போதும் என்றேன். அவருக்கு அழகுக்குத்தானே வேண்டும்.

இரண்டு படங்களும் சேர்ந்தே வந்தன. சன்னல் ஓரத்தில் பூச்சை எடுக்கவே வேண்டியிருக்கவில்லையாம், தானாகவே மேலிருந்து கீழே ஒரு கோடாக வெடித்திருந்தது. அண்ணன் பிய்த்ததும் பாளமாக வந்துவிட்டது. இடது பக்கம் செங்கல், வலது பக்கம் கருங்கல். நடுவில் ஒரு விரல் நுழைகிற சந்து. அதில் மண்ணும் கல் சில்லும் அடைத்திருந்தது, இப்போது ஈரத்தில் வழிந்துகொண்டிருந்தது. சன்னல் அடியிலிருந்து மேல் கட்டை வரை அந்தக் கோடு நேராகப் போனது. ஒரு செங்கல்லும் அதைத் தாண்டவில்லை. ஒரு கருங்கல்லும் இந்தப் பக்கம் வரவில்லை.

இரண்டாவது படத்தில் கருங்கல் சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தது.

சாரிடம் காட்டினேன். இந்தத் தடவை கண்ணாடியைத் தூக்கவில்லை. "ஆள வெளிய எடுக்கச் சொல்லும்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மலைப்பாதை எப்போது திறப்பார்கள் என்று யாருக்கோ போன் போட்டார். அவர்களுக்கும் தெரியவில்லை.

நான் குரலில் ஒரு மெசேஜ் பேசி அனுப்பினேன், அப்பாவுக்குப் போட்டுக் காட்டச் சொல்லி. என்ன பேசினேன் என்று முழுவதும் நினைவில்லை. சன்னல் ஓரம், சந்து, வயிறு என்று ஏதேதோ விளக்கினேன். கடைசியில் கெஞ்சினேன். ரொம்ப நேரம் கழித்து அவர் பேசியதை அண்ணி அனுப்பினார். பின்னால் ஷீட் மேல் மழை.

"பாப்பா, நான் எங்கயும் வர்ல. இந்த சொவுரு மொழம் தடி கீது, என்ன தாங்காதா? நீ அங்க போன்ல பாத்துட்டு இங்க வியுந்துடும் வியுந்துடும்ங்கற. நான் இத்த ஒட்டிதான் படுத்துகினு கீறேன். சில்லுனு கீது, அவ்ளோதான். நீ சாப்டியா?"

முழம் தடிமன் என்பதுதான் அவருடைய வாதம். தடிமனாக இருக்கிற ஒன்று எப்படி விழும்? அந்த முழத்துக்குள் இரண்டு மெலிந்த சுவர்கள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளாமல் நிற்கின்றன என்று படத்தை வைத்து அவருக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை. எனக்குப் புரிந்தது யாருக்கும் உதவவில்லை. தெரியாமல் இருந்திருந்தால் நானும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன்.

அன்று சாயங்காலம் அண்ணியின் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. மேலே கரன்ட் இல்லை. அதன் பிறகு நான் எத்தனை முறை கூப்பிட்டும் சுவிட்ச் ஆஃப்.

மறுநாள் மத்தியானம் வேறு ஒரு நம்பரிலிருந்து படம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் போன். அனுப்பியது அண்ணன்.

முதல் படத்தில் பின்பக்கம் முழுக்கக் கருங்கல் குவிந்து கிடந்தது. சேறும் கல்லுமாகப் புளியமரத்தடி வரை ஓடியிருந்தது. இரண்டாவது படத்தில் அறையின் உள்பக்கம். செங்கல் சுவர் அப்படியே நின்றது, ஒரு வரி குறையாமல். ஷீட்டைத் தாங்குகிற கட்டைகள் அதன் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தன. இணைப்பு ஒன்றிரண்டில் வெளி வெளிச்சம் ஊசியாகத் தெரிந்தது. அதை ஒட்டிக் கட்டில். கட்டிலில் அப்பா. சிரித்துக்கொண்டிருந்தார்.

கீழே அண்ணன் எழுதியிருந்தான்: "கல்லு மட்டும் வெளிய சாஞ்சிச்சி. உள் சொவுரு கல்லு மாரி நிக்குது. அப்பா உன்னாண்ட சொல்ல சொன்னாரு, பாத்தியா நிக்குதுன்னு."

எனக்கு வந்த கோபத்தில் போனைத் தூக்கி எறிந்திருப்பேன். விழும் என்றேன், விழுந்தது. விழுந்த பாதியை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. நிற்கிற பாதியைக் காட்டிச் சிரிக்கிறார்கள். முன்பாவது வெளியே ஒரு அணை மாதிரி கருங்கல் இருந்தது. இப்போது அப்பாவுக்கும் மழைக்கும் நடுவே நாலரை இஞ்ச். மண் சாந்து. மேலே ஷீட்டின் பாரம். குறுக்கே ஒன்றுமில்லை. காற்று உள்ளே பார்த்து அடித்தால் போதும். கூப்பிட்டேன். அண்ணன் எடுத்தான்.

"இன்னா பாப்பா, உன் ஒம்போது இஞ்ச்சு கணக்கெல்லாம் பொய்யாப் போச்சே?" என்றான். அவன் கேலி செய்ததும் பயத்தில்தான், குரலில் தெரிந்தது.

"ணா, அது இப்ப சொவுரே இல்ல. பிஸ்கட்ட நிக்க வெச்ச மாதிரி கீது. அப்பாவ தூக்குணா."

"நான் தூக்க மாட்டன்னா சொல்றேன்? கட்டிலு சட்டத்த புட்சிகினு வுடமாட்றாரு. இடுப்புல பிளேட்டு கீது, இழுத்து கிழுத்து ஒண்ணு கெட ஒண்ணு ஆயிட்டா? நீ வா. நீ சொன்னா கேப்பாரு."

அதற்கு அடுத்த நாள் பாறையை ஒதுக்கி, சின்ன வண்டிகளை மட்டும் விட்டார்கள். போளூர் வரை பஸ், அங்கிருந்து காய்கறி ஏற்றப் போன ஒரு வேனில் தொற்றிக்கொண்டு ஜமுனாமரத்தூர், பிறகு நடை. போகிற வழியெல்லாம் கண்ணில் பட்ட சுவரையெல்லாம் பார்த்துக்கொண்டே போனேன். நீளம், தலை, நீளம், தலை என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை தூறலாக இருந்தது. நேராக அந்த அறைக்குப் போனேன். படத்தில் பார்த்ததற்கும் நேரில் பார்த்ததற்கும் வித்தியாசம் இருந்தது. நேரில் இன்னும் மெலிதாக இருந்தது.

"வந்துட்டியா?" என்றார் அப்பா. "பாரு, நிக்குது."

"ப்பா, வெளிய போலாம்ப்பா."

"எதுக்கு?"

நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். குறுக்குக் கல் வைக்காமல் எந்த மேஸ்திரி கட்டினான், அவனைச் சும்மா விடக் கூடாது என்று நான் ஆத்திரத்தில் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"அவன ஏன் திட்ற? அவன் வெக்கணும்னுதான் சொன்னான். நாந்தான் வாணாம்ன."

"நீங்களா?"

"செங்கல்லு லாரி நம்ம ஏத்தத்துக்கு மேல வர்ல. கீயவே கொட்டிட்டு பூட்டான். பாதி ஒடஞ்சி போச்சு. மீதிய நானும் உங்கண்ணனும் தலையில தூக்கியாந்தோம். மேஸ்திரி சொன்னான், குறுக்க வெச்சா கல்லு பத்தாது, சன்னலுக்கு மேல நின்னுடும்னு. நீ லீவுக்கு வர இன்னும் கொஞ்ச நாளுதான் இருந்துச்சி. எல்லாத்தியும் நீளவாக்குல வெய்யிடான்ன. முடிஞ்சிடுச்சி இல்ல? நீ வந்தப்ப ரூமு இருந்துச்சி இல்ல?"

வேலூரில் ஏதோ ஒரு வகுப்பில் ஹெட்டர் ஏன் வேண்டும் என்று நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்த அதே நாட்களில், இங்கே என் அறைக்காக ஒரு ஹெட்டரும் வேண்டாமென்று சொல்லியிருக்கிறார். அதில்தான் டிராயிங் போர்டை வைத்துப் படித்தேன். அந்தப் படிப்பில்தான் இப்போது அந்தச் சுவரைக் குறை சொல்ல வந்திருக்கிறேன். அவர் அதை விட்டு நகராமல் இருப்பதற்குத் தட்டும் கூச்சமும் மட்டும் காரணமில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

கால் நடந்து நடந்து வலித்தது. கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு நான் வருவதற்குள் அண்ணன் இழுத்துப் போட்டிருந்தான், அதற்கு மேல் அவர் விடவில்லையாம். அந்த இடைவெளியில் போய் உட்கார்ந்தேன். திட்டம் போட்டுச் செய்யவில்லை. வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை, அதனால் அவருக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்துவிட்டேன். முதுகைச் சாய்க்க மட்டும் பயமாக இருந்தது. நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.

அப்பா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார். வெளியே காற்று ஒரு தடவை ஷீட்டைத் தூக்கிப் போட்டது. செங்கல் இணைப்பிலிருந்து மண் பொடி என் தோள் மேல் உதிர்ந்தது.

"அங்க குந்தாத பாப்பா" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கத் தெம்பில்லை.

"டேய்" என்று அண்ணனைக் கூப்பிட்டார். "என்ன தூக்குடா. கூடத்துல போடு. நனைஞ்சா நனையறேன்."

அண்ணனும் அண்ணியும் நானுமாகக் கட்டிலோடு தூக்கிக் கூடத்தில் போட்டோம். ஒழுகுகிற இடத்தில் குண்டான் வைத்தோம். அப்பா சட்டத்தைப் பிடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவரிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

மழை விட்டதும் ஷீட்டை இறக்கிவிட்டு, அண்ணன் அந்தச் சுவரை ஒரு மூங்கிலால் தள்ளினான். இரண்டாவது தள்ளலில் மொத்தமாக உள்பக்கம் படுத்தது, கட்டில் இருந்த இடத்தில். அப்பா கூடத்திலிருந்து சத்தத்தை மட்டும் கேட்டார்.

மண் சாந்து என்பதால் செங்கற்கள் முழுசாகவே வந்தன. கழுவி அடுக்கினோம். லாரி மேலே வருகிற அளவுக்குப் பாதை இன்னும் சரியாகவில்லை. இருக்கிற கல்லை வைத்தே அந்தச் சுவரை மறுபடி எடுப்போம் என்றார் அப்பா. நான் ஒரு வாரம் லீவு போட்டு நின்று கட்ட வைத்தேன். ஒரு வரி நீளம், ஒரு வரி தலை, ஒன்பது இஞ்ச், முனையில் இணைப்பு ஒன்றன்மேல் ஒன்று விழாமல் அரைக்கல் பார்த்து வைத்து. யார் படம் எடுத்து அனுப்பினாலும் நான் குறை சொல்ல முடியாத சுவர்.

சன்னலின் அடி மட்டத்தோடு செங்கல் தீர்ந்துபோனது. மேலே கருங்கல்லை வைத்துத் தூக்கிவிடலாமே என்றான் அண்ணன். குறுக்கே போகிற நீளக் கல் கிடைக்காமல் தொட வேண்டாம் என்று சொன்னது நானில்லை, அப்பா.

போன வாரம் அண்ணி அனுப்பிய படத்திலும் அந்தச் சுவர் அதே உயரத்தில்தான் இருக்கிறது. அதன் மேல் கொஞ்சம் புளி காய்கிறது. கீழே அப்பா சொல்லச் சொன்னதாக ஒரு வரி: "சரியா கட்னா பாதிதான் வருது பாப்பா. அன்னிக்கி சரியா கட்டியிருந்தா உனுக்கு ரூமே வந்திருக்காது."